625 கிரெடிட்டுக்குள் இருபது வினாடி வீடியோ: டிராஃப்ட் பார்த்துச் செலவிடும் முறை

ஏஐ வீடியோ கருவிகளில் கிரெடிட் தீர்ந்துபோவதற்குப் பெரும்பாலும் இறுதி வீடியோ காரணமாக இருப்பதில்லை. இறுதித் தரத்திலேயே எடுத்துப் பார்த்து, சரியில்லை என்று தள்ளிவிட்ட வீடியோக்களே அதைத் தின்றுவிடுகின்றன. தள்ளவேண்டியதைக் குறைந்த செலவில், குறைந்த நீளத்தில் டிராஃப்டாக எடுத்துப் பார்த்துத் தள்ளுவது எப்படி என்பதை ஒரே ஒரு வேலையை வைத்துப் படிப்படியாக விளக்குகிறேன்.

கணக்குக்கு ரன்வே என்ற ஏஐ வீடியோ கருவியை எடுத்துக்கொள்வோம். 2025இல் வெளிவந்த Gen-4 மாடல் வினாடிக்கு 12 கிரெடிட் எடுத்தது. அதன் வேகமான வடிவமான Gen-4 Turbo வினாடிக்கு 5 கிரெடிட் எடுத்தது. இரண்டும் 720p அளவிலேயே வீடியோ தருகின்றன. அதை 4K ஆக உயர்த்த வினாடிக்கு 2 கிரெடிட் தனியாக ஆகும். Standard திட்டத்தில் மாதத்துக்கு 625 கிரெடிட். நீங்கள் பயன்படுத்தும் கருவியில் விலை வேறாக இருந்தால் அந்த எண்களை இட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை மாறாது.

நாம் செய்யவிருப்பது ஒரு மண்பாண்டத் தொழிற்கூடத்துக்கான 20 வினாடி வீடியோ. நான்கு ஷாட்கள், ஒவ்வொன்றும் 5 வினாடி: திகிரியில் பானை வனையும் கைகள், வெயிலில் காயும் அகல் வரிசை, புகை எழும் சூளை, ஏற்றிய ஓர் அகலின் சுடர்.

படி 1: முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

முதலில் இறுதி ரெண்டருக்கான கிரெடிட்டை ஒதுக்கிவிட வேண்டும். இறுதி ரெண்டரை Gen-4இல் எடுப்போம்: ஒரு ஷாட்டுக்கு 60 வீதம் நான்குக்கு 240. இறுதித் தரத்தில் இரண்டு ஷாட்களையாவது மறுபடி எடுக்க நேரும் என்று வைத்து இன்னும் 120. 4K ஆக உயர்த்த 40. ஆக 400 கிரெடிட்டைத் தொடக்கூடாத பணமாக வைத்துவிட்டால், டிராஃப்டுக்கு மிஞ்சுவது 225. டிராஃப்டை Turbo-வில் எடுப்போம்; ஒரு 5 வினாடி டிராஃப்ட் 25 கிரெடிட் என்பதால், உங்கள் கையில் இருப்பவை ஒன்பது டிராஃப்ட்கள்.

இந்த ஒன்பதை நான்கு ஷாட்டுக்கும் சமமாகப் பங்கிடுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. இறுதியில் 60 கொடுத்துக் கண்டுபிடித்திருக்கக்கூடிய ஒரு கோளாறை டிராஃப்ட் 25இல் காட்டிவிட்டால் உங்களுக்கு 35 மிச்சம். ஆனால் முதல் தடவையே சரியாக வந்திருக்கக்கூடிய ஷாட்டுக்கு டிராஃப்ட் எடுத்தால் அந்த 25 வீண். ஆகவே, கேமரா அசையாமல் சுடர் மட்டும் ஆடும் ஷாட்டை நேராக இறுதித் தரத்தில் எடுத்துவிடலாம். கைகள் களிமண்ணைத் தொட்டு அதன் வடிவத்தை மாற்றும் ஷாட் இவற்றில் மிகக் கடினமானது. அதற்கு நான்கு, சூளைக்கு இரண்டு, அகல் வரிசைக்கு ஒன்று, மீதி இரண்டு கையிருப்பு என்று நான் பிரிப்பேன்.

படி 2: தொடக்கப் படத்தைச் சரிசெய்யுங்கள்

இந்த மாடல்கள் ஒரு நிலைப்படத்திலிருந்தே வீடியோவைத் தொடங்குகின்றன. படத்தில் ஏற்கெனவே ஆறு விரல் இருந்தால் எந்தப் பிராம்ப்டும் அதைக் குணப்படுத்தாது. தொழிற்கூடத்தில் நீங்களே எடுத்த புகைப்படம் இருந்தால் அதற்குக் கிரெடிட் செலவே இல்லை; அதுவே சிறந்தது. படத்தை முழுத்திரையில் பெரிதாக்கிக் கை, விளிம்பு, பின்னணி மூன்றையும் பார்த்த பிறகே மேலே செல்லுங்கள்.

படி 3: 5 வினாடி டிராஃப்ட் எடுங்கள்

மாடல் பட்டியலில் Gen-4 Turbo, நீளத்தில் 5 வினாடி என்று தேர்ந்தெடுங்கள். பொருள்கள் எப்படி இருக்கின்றன என்பதைப் படமே சொல்லிவிடுவதால், பிராம்ப்டில் அசைவை மட்டும் எழுதினால் போதும்:

```
Locked camera. The wheel spins steadily. The hands slowly raise the clay wall.
```

கேமரா நகரக்கூடாது என்பதை எதிர்மறையாக எழுதாமல், அது நிலையாக நிற்கிறது என்று நேர்மறையாகவே எழுத வேண்டும். வேண்டாம் என்று குறிப்பிட்டதே திரையில் வந்து நிற்பது இவ்வகை மாடல்களில் வழக்கம். வீடியோ எந்தத் தற்செயல் தொடக்கத்திலிருந்து உருவாகிறது என்பதைத் தீர்மானிக்கும் ஸீட் எண் அமைப்புகளில் இருக்கும்; அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த டிராஃப்டில் அதே எண்ணை வைத்துப் பிராம்ப்டில் ஒரே ஒரு சொற்றொடரை மட்டும் மாற்றினால், மாற்றம் எதனால் வந்தது என்பது விளங்கும். இரண்டு மூன்றைச் சேர்த்து மாற்றிவிட்டால், நன்றாக வந்தாலும் கெட்டுப்போனாலும் அந்த 25 கிரெடிட் உங்களுக்கு எதையும் கற்றுத்தராது.

படி 4: டிராஃப்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

உண்மையான திறமை தேவைப்படும் இடம் இதுதான். டிராஃப்ட் என்பது இறுதி வீடியோவின் சிறிய நகல் அன்று. Turbo-வும் Gen-4-உம் வெவ்வேறு மாடல்கள் என்பதால், ஒரே ஸீட் கொடுத்தாலும் ஒரே வீடியோ வராது. 480p, 720p என்று தெளிவைத் தேர்ந்தெடுக்கவிடும் கருவிகளிலும் பொதுவாக நிலைமை இதுவே. ஸீட் எண்ணிலிருந்து பிறந்து வீடியோவுக்குத் தொடக்கமாகும் ஆரம்ப இரைச்சல், அதாவது தாறுமாறான புள்ளிக் கூட்டம், அதன் அளவே தெளிவுக்கேற்ப மாறிவிடுவதால், அதே எண்ணிலிருந்து வேறொரு காட்சி பிறக்கிறது.

எனவே டிராஃப்டில் பார்க்கவேண்டியது அசைவின் கட்டமைப்பு. காட்சியை ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பாருங்கள். விரல் களிமண்ணுக்குள் புகுந்து மறுபக்கம் வெளிவருகிறதா? திகிரி பாதியில் திசை மாறுகிறதா? பானை உயராமல் கை மட்டும் மேலே போகிறதா? இவை பிராம்ப்டிலோ படத்திலோ உள்ள சிக்கல்கள். இவற்றோடு இறுதி ரெண்டருக்குப் போகாதீர்கள். நகத்தின் விளிம்பு மங்கலாக இருப்பதும், ஈரக் களிமண்ணின் பளபளப்பு போதாமல் இருப்பதும் தெளிவு சார்ந்தவை; அவற்றுக்காக இன்னொரு டிராஃப்ட் எடுக்க வேண்டாம்.

கோளாறு எந்த வினாடியில் தொடங்குகிறது என்பதையும் எழுதி வையுங்கள். கை ஷாட்டின் முதல் டிராஃப்டில் மூன்றாம் வினாடிக்குப் பிறகு இரண்டு கட்டைவிரல்களும் ஒன்றாகிவிட்டன என்று கொள்வோம். இரண்டாவதில் `slowly` என்பதை `very slowly` என்று மாற்றியும் கோளாறு அதே இடத்தில் வந்தால், பிழை சொல்லில் இல்லை, படத்தில் இருக்கிறது. கட்டைவிரல்கள் ஒன்றையொன்று மறைக்காத வேறு புகைப்படத்தை வைத்து மூன்றாவது டிராஃப்ட் எடுக்க வேண்டும். அதில் விரல்கள் பிரிந்தே இருந்து, கேமரா மட்டும் சற்று முன்னால் நகர்ந்தால், நான்காவதில் கேமரா வாக்கியத்தை மட்டும் திருத்தலாம். நான்கிலும் சரிப்படாவிட்டால் ஷாட்டையே மாற்றிவிடுங்கள்: கைகளைத் தவிர்த்து, சுழலும் பானையை மட்டும் காட்டுங்கள். ஐந்தாவது டிராஃப்டுக்குக் கையிருப்பை எடுப்பதைவிட அது மேலானது என்பது என் கருத்து.

படி 5: இறுதி ரெண்டர்

தேறிய டிராஃப்டின் படத்தையும் பிராம்ப்டையும் ஓர் எழுத்துகூட மாற்றாமல் வைத்து, மாடலை மட்டும் Gen-4 என்று மாற்றுங்கள். நீளம் 5 வினாடியாகவே இருக்கட்டும். 10 வினாடிக்கு 120 கிரெடிட் ஆவதோடு, வீடியோ நீள நீள உருவங்கள் குலைவதும் கூடும். கடைசி ஒரு வினாடி மட்டும் கெட்டிருந்தால் மறுபடி எடுக்க வேண்டியதில்லை. எடிட்டிங்கில் அதை வெட்டிவிட்டுப் பக்கத்து ஷாட்டைச் சற்று நீட்டினால் 60 கிரெடிட் தப்பும்.

நான்கையும் முதலில் 720p அளவிலேயே கோத்து, இசையோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அந்த ஓட்டத்தில் நிலைத்த ஷாட்களை மட்டுமே 4K ஆக உயர்த்துங்கள். கை ஷாட்டை மட்டும் இறுதித் தரத்தில் இரண்டு முறை எடுக்க நேர்ந்தது என்றால், ஏழு டிராஃப்டுக்கு 175, ஐந்து ரெண்டருக்கு 300, உயர்த்த 40 என மொத்தம் 515 செலவாகும். மிஞ்சும் 110இல் இன்னொரு ஷாட்டுக்கு இரண்டு டிராஃப்டும் ஓர் இறுதி ரெண்டரும் எடுக்கலாம்.