பூச்சியம் என்று நம்பிய ஐஸ்: வெப்பமானியை அளவுதிருத்தும்போது விடும் தவறுகள்

மட்டக்களப்பில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்குப் பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவர், தன் முதல் வாரத்தில் ஒரு டிஜிட்டல் வெப்பமானியின் பூச்சியத்தைச் சரிபார்க்கத் தொடங்கினார். அன்றைக்கு பிரிட்ஜில் ஐஸ் இல்லை. வாவிக் கரையில் மீன் விற்பவரிடம் ஒரு பை உடைத்த ஐஸ் வாங்கி வந்து, முகவையில் போட்டு, வெப்பநிலையை உணரும் உலோகத் துருவியை அதில் விட்டார். வாசிப்பு −0.6 °C. வெப்பமானி 0.6 குறைவாகக் காட்டுகிறது என்று முடிவு கட்டி, மெனுவில் `OFFSET` என்ற இடத்தில் +0.6 போட்டார். திரை 0.0 காட்டியது. வேலை முடிந்தது என்று கொப்பியில் எழுதி வைத்தார்.

இதில் ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று தவறுகள் இருக்கின்றன. முதலாவது ஐஸில்.

உருகும் ஐஸ் 0 °C என்று பள்ளியில் படித்தோம். அது தூய நீரின் ஐஸுக்குத்தான் பொருந்தும். ஒரு கிலோ நீரில் 1 கிராம் கறியுப்பு கரைந்திருந்தாலே உருகுநிலை ஏறக்குறைய 0.06 °C இறங்கிவிடும். கடல்நீர் −1.9 °C அளவில்தான் உறையத் தொடங்கும். மீன் பெட்டிக்குள் கிடந்த ஐஸில் கடல்நீர் கலந்திருக்கும். அது பாதிக்குப் பாதி கலந்த ஐஸ் கூழ் என்றால் பூச்சியத்துக்கு ஒரு பாகை அளவு கீழே நிற்கும். அந்தத் தம்பியின் வெப்பமானி காட்டிய −0.6 க்குக் காரணம் உப்பு. கருவியின் வழு எதிர்த்திசையில் இருந்தது பிறகுதான் தெரிய வந்தது.

ஐஸைச் சந்தேகிக்க வேண்டுமா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. உருகிய நீரைக் கடத்துதிறன் மானியில் வைத்துப் பாருங்கள். காய்ச்சி வடித்த நீரின் வாசிப்போடு ஒப்பிட்டால் உப்பு இருப்பது உடனே தெரியும். மானி இல்லையென்றால், காய்ச்சி வடித்த நீரில் நீங்களே ஐஸ் போட்டு வையுங்கள். கரையோரக் கிணற்று நீரில் உப்பு இருப்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கிணற்று நீரில் செய்த ஐஸை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள்.

நல்ல ஐஸ் கிடைத்தாலும் அதை வைக்கும் விதத்தில் தவறு வரும். முகவை நிறைய நீர், மேலே பத்துக் கட்டி மிதக்கிறது, துருவி அடியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. இப்படித்தான் பலர் செய்கிறார்கள். நீர் 4 °C இல்தான் மிக அடர்த்தியானது. ஆகவே சற்றுச் சூடான நீர் அடியில் போய்த் தங்கும். மேலே ஐஸ் மிதந்தாலும் அடியில் 2, 3 பாகை இருக்கலாம். ஐஸை நொறுக்கி, பிளாஸ்க் போன்ற வெப்பம் புகாத பாத்திரத்தில் நெருக்கமாக நிரப்புங்கள். இடைவெளிகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் காய்ச்சி வடித்த குளிர்நீரை விடுங்கள். பிரிட்ஜிலிருந்து எடுத்த ஐஸ் பூச்சியத்துக்குக் கீழே இருக்கும், வெள்ளையாகத் தெரியும். நீர் பட்டுக் கண்ணாடி போல ஆனபின்தான் அது உருகுநிலையில் இருக்கிறது என்று கொள்ளலாம். அடியில் சேரும் நீரை அவ்வப்போது உறிஞ்சி எடுத்து, மேலே ஐஸ் போட்டுக் கொண்டிருக்க வேண்டும்.

துருவியை எவ்வளவு ஆழம் விடுவது? அதற்கு நான் நம்பும் சோதனை ஒன்றுதான். வாசிப்பு நிலைத்தபின் துருவியை 2 சென்ரிமீற்றர் மேலே இழுங்கள். வாசிப்பு மாறினால் முதலில் விட்ட ஆழம் போதாது. உலோகத் தண்டு வழியாக அறையின் வெப்பம் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். கச்சான் காற்று அடிக்கும் நாட்களில், மின்சாரமும் போய் அறை 34 பாகையில் கிடக்கும்போது, இந்தக் கசிவு இன்னும் கூடும். மெல்லிய துருவியை விடத் தடித்த துருவிக்கு அதிக ஆழம் வேண்டும்.

கொதிநிலையில் சரிபார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 100 °C என்பது 1013 ஹெக்டோபஸ்கால் அமுக்கத்தில்தான். ஒரு ஹெக்டோபஸ்கால் குறைந்தால் கொதிநிலை ஏறக்குறைய 0.03 °C இறங்கும். மட்டக்களப்பிலோ அக்கரைப்பற்றிலோ அமுக்கம் 1009 என்றால் உண்மையான கொதிநிலை 99.9 க்குச் சற்றுக் கீழே. அமுக்கத்தைப் பார்க்காமல் 100 என்று எழுதினால் கருவியில் இல்லாத 0.1 பாகை வழுவை நீங்களே சேர்த்துவிடுகிறீர்கள்.

சரி, தம்பியின் இரண்டாவது தவறுக்கு வருவோம். அவர் அளவுதிருத்தத்தையும் சரிக்கட்டலையும் ஒன்றாக்கிவிட்டார். கலிபிரேஷன் என்றால் திருகையோ மெனுவையோ திருப்பிக் கருவியைச் சரியாகக் காட்ட வைப்பது என்றே பலர் நினைக்கிறார்கள். கருவி காட்டுவதற்கும் தெரிந்த பெறுமானத்துக்கும் உள்ள வேறுபாட்டை, அது எவ்வளவு முன்பின்னாக இருக்கலாம் என்ற நிச்சயமின்மையோடு கண்டுபிடித்து எழுதுவதுதான் அளவுதிருத்தம். கருவியில் கை வைப்பது வேறு வேலை. தேவையென்றால், பொறுப்பானவரிடம் கேட்டு, முதல் வேலையின் முடிவை எழுதியபின் செய்ய வேண்டியது. கைவைத்தால் பிறகு மறுபடியும் அளந்து எழுத வேண்டும்.

மறுநாள் காய்ச்சி வடித்த நீரில் செய்த ஐஸில், `OFFSET` ஐப் பழைய 0.0 க்குத் திருப்பி வைத்து, நிமிடத்துக்கு ஒன்றாகப் பத்து வாசிப்பு எடுத்தோம். எட்டுத் தடவை 0.3, இரண்டு தடவை 0.4. இடை 0.32 °C. அதாவது கருவி கூடக் காட்டுகிறது, குறைத்து அல்ல. தம்பி போட்ட +0.6 அந்தத் தவறை 0.92 ஆக்கியிருந்தது.

மூன்றாவது தவறு நிச்சயமின்மையில். முதல் நாள் கொப்பியில் அவர் எழுதியிருந்தது ‘நிச்சயமின்மை: 0’. காரணம் கேட்டேன். ‘சேர், பத்துத் தடவையும் ஒரே எண்தானே வந்தது, நியம விலகல் பூச்சியம்’ என்றார். கணக்குச் சரி, முடிவு பிழை. 0.1 படியில் காட்டும் திரை, 0.25 இலிருந்து 0.35 வரை எதுவாக இருந்தாலும் 0.3 என்றே காட்டும். வாசிப்பு அசையவில்லை என்பதால் பெறுமானம் துல்லியமாகத் தெரிந்துவிட்டது என்று ஆகாது. திரை அதற்குக் கீழே பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் வாசிப்புகளுக்கு இப்படிக் கணக்கிட்டோம். வாசிப்புகளின் நியம விலகல் 0.042. இடையின் நிச்சயமின்மைக்கு அதை √10 ஆல் வகுத்தால் 0.013. திரையின் படி 0.1, அதில் பாதி 0.05. அந்த எல்லைக்குள் எந்தப் பெறுமானமும் சம வாய்ப்போடு இருக்கலாம் என்பதால் √3 ஆல் வகுக்க வேண்டும், 0.029 வரும். ஐஸ் பாத்திரமே உண்மையான பூச்சியத்திலிருந்து 0.05 வரை விலகியிருக்கலாம் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். அது எங்கள் மதிப்பீடு. இரண்டு தனித்தனிப் பாத்திரங்களை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அந்த எண்ணை வைத்தோம். அதையும் √3 ஆல் வகுத்தால் 0.029. இந்த மூன்றையும் வர்க்கித்துக் கூட்டி மூலம் எடுத்தால் நியம நிச்சயமின்மை u வரும், அதை k என்ற காரணியால், இங்கே 2 ஆல், பெருக்கினால் முடிவில் எழுதும் U வரும்:

```
u = √(0.013² + 0.029² + 0.029²) = 0.043
U = 2 × 0.043 = 0.09 °C   (k = 2)
```

எண்களை நேரே கூட்டுவது இன்னொரு வழக்கமான தவறு. 0.013 + 0.029 + 0.029 = 0.071 என்று எழுதுவார்கள். மூன்று வழுக்களும் ஒரே பக்கம், ஒரே நேரத்தில், முழு அளவில் விழும் என்று கொண்டால்தான் அது சரி. ஒன்றோடொன்று தொடர்பில்லாத காரணங்களுக்கு வர்க்கக் கூட்டுதான் பொருந்தும்.

k = 2 என்பதை விட்டுவிட்டு வெறும் ±0.09 என்று எழுதாதீர்கள். படிப்பவர் அது நியம நிச்சயமின்மையா, இரட்டித்ததா என்று அறிய முடியாது. இதே குழப்பம் சான்றிதழ்களைப் படிக்கும்போது பெரிதாகிறது. ஒப்பிட எடுக்கும் நியம வெப்பமானியின் சான்றிதழில் நிச்சயமின்மை 0.10 °C, k = 2 என்று இருந்தால் கணக்கில் சேர வேண்டியது 0.05. அந்த 0.10 ஐ அப்படியே போட்டால் இரட்டிப்பாகிவிடும். √3 ஆல் வகுப்பவர்களும் உண்டு. அதுவும் பிழை, ஏனெனில் சான்றிதழ் ஏற்கனவே காரணியைச் சொல்லிவிட்டது. நான் சான்றிதழைத் திறந்தால் முதலில் தேடுவது அந்த k ஐத்தான்.

திருத்தத்தின் குறியும் அடிக்கடி இடறும் இடம். எங்கள் கருவியின் வழு +0.32, ஆகவே திருத்தம் −0.32. வாசிப்போடு திருத்தத்தைக் கூட்ட வேண்டும். சிலர் வழுவையே கூட்டிவிட்டு 0.64 இல் போய் நிற்பார்கள். கொப்பியில் ‘திருத்தம்’ என்ற சொல்லோடு குறியையும் சேர்த்து எழுதினால் இது பெரும்பாலும் நேராது. அப்புறம், அந்த −0.32 பூச்சியத்தில் அளந்த திருத்தம். 60 பாகையில் அதே திருத்தம் இருக்கும் என்று சொல்ல உங்களிடம் எந்த ஆதாரமும் இல்லை. பயன்படுத்தும் வெப்பநிலையில் கிளறும் நீர்த்தொட்டியில் சான்றிதழ் உள்ள நியமக் கருவியோடு ஒப்பிட வேண்டும். எங்களுக்கு வேண்டியது 30 பாகை. அங்கே வழு +0.3 என்று வந்தது, இங்கு இரண்டும் ஒத்துப்போனது எங்கள் அதிர்ஷ்டம்.

கொப்பியில் நான் கேட்பது அதிகமில்லை. கை வைப்பதற்கு முன் கருவி காட்டிய வாசிப்பு, அப்போதிருந்த `OFFSET`, ஐஸ் எங்கிருந்து, அறை வெப்பநிலை, துருவி நின்ற ஆழம், பத்து வாசிப்பும் தனித்தனியாக. இடையை மட்டும் எழுதிவிட்டு வாசிப்புகளை வேறு தாளில் விட்டுவிட்டால் அந்தத் தாள் தொலைந்துபோகும். பேனையால் எழுதுங்கள். பிழையானால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதையும் தேதியையும் கையெழுத்தையும் போடுங்கள். டிப்பெக்ஸ் வேண்டாம். கோட்டுக்குக் கீழே என்ன இருந்தது என்று பிறகு படிக்க முடிய வேண்டும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த `OFFSET` மாற்றம் ஒருநாள் கருவியில் இருந்தது, மற்றொரு குழு அதே கருவியை அன்று பின்னேரமே எடுத்துப் போய்த் தேங்காய் எண்ணெயின் பாகுநிலையை அளக்கும் சோதனை ஒன்று செய்திருந்தது. அவர்கள் எழுதிய வெப்பநிலை 30.9 °C. தம்பியின் கொப்பியில், அவர் கைவைக்கும் முன் −0.6, முன்பிருந்த `OFFSET` 0.0, மாற்றியது +0.6 என்று மூன்றும் இருந்தன. முதல் நாளே அவருக்கு நான் சொல்லியிருந்தது இதைத்தான், பார்த்ததை முதலில் எழுதச் சொல்லி. ஆகவே 30.9 இலிருந்து 0.6 ஐ எடுத்து 30.3, அதோடு −0.3 திருத்தம் சேர்த்து 30.0 என்று அந்தக் குழுவின் வாசிப்பை மீட்க முடிந்தது. அவர்கள் சோதனையை மறுபடி செய்யவில்லை, பழைய எண்ணுக்கு மேல் ஒரு கோடு இழுத்து, காரணத்தையும் எங்கள் கொப்பியின் பக்க எண்ணையும் எழுதினார்கள்.