மட்டைக் குவியலும் தவிட்டு மூட்டையும்: வீட்டுக்குப் பாம்பை வரவழைக்கும் தவறுகள்

வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் என் அத்தை வீடு இருக்கிறது. சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, இந்தப் பக்கம் பாலக்காடு மாவட்டம். தென்னந்தோப்புக்கு நடுவில் ஓட்டு வீடு, பின்னால் மாட்டுக் கொட்டகை, ஓரமாக ஒரு கோழிக்கூடு. போன ஜூன் மாதம் துணி துவைக்கும் கல்லுக்கு அடியில் ஒரு சாண் நீளத்தில் கண்ணாடி விரியன் குட்டி கிடந்தது. இங்கே மலையாளத்தில் அதை அணலி என்பார்கள். அத்தை அன்றைக்கே வீட்டைச் சுற்றி ஃபினாயில் ஊற்றி, வெள்ளைப் பூண்டை அரைத்துக் கரைத்தும் தெளித்தார். நாலாம் நாள் இன்னொரு குட்டி வந்தது. ஃபினாயில் ஊற்றிய கோட்டுக்கு உள்ளேதான் கிடந்தது.

ஃபினாயில், பூண்டு, மண்ணெண்ணெய், பாச்சை உருண்டை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வாடை நம் மூக்கைத்தான் குடைகிறது. பாம்பு நாக்கை நீட்டி நீட்டி வாசனைத் துகள்களை எடுத்து, வாயின் மேலண்ணத்தில் உள்ள உறுப்பால் அறிகிறது. எலி நடந்த தடத்தை அப்படியே பிடித்துக்கொண்டு போகும். இரையின் தடம் வீட்டுப் பக்கம் போனால், நடுவில் ஊற்றிய ஃபினாயில் அதை நிறுத்தும் என்று நம்ப முடியாது. ஊற்றிவிட்டோம் என்ற தைரியத்தில் விளக்கில்லாமல் கொல்லைக்குப் போவதுதான் இதில் பெரிய ஆபத்து.

கண்ணாடி விரியன் முட்டையிடாது, குட்டி போடும். ஒரு ஈற்றில் 20, 40 குட்டிகள் வரைகூட இருக்கும். ஒரே வாரத்தில் ரெண்டு குட்டி தெரிந்தால் தாய் பக்கத்திலேயே எங்கோ தங்கியிருந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். குட்டிகள் ஓணான், பல்லி மாதிரி சின்ன உயிர்களைத் தின்னும், பெரியதுக்கு முக்கிய இரை எலி. அதனால் பாம்பு எங்கே என்று தேடுவதை விட்டுவிட்டு, எலிக்கு இங்கே என்ன கிடைக்கிறது என்று பார்த்தோம்.

பார்த்த உடனே புரிந்தது. கொட்டகையில் தவிட்டு மூட்டை வாய் திறந்தபடி சுவரில் சாய்ந்திருந்தது. கோழிக்குப் போட்ட சோளமும் குருணையும் ராத்திரி முழுக்கத் தரையில் கிடந்தன. அங்கிருந்து பத்தடி தள்ளி, வீட்டின் பின்சுவரை ஒட்டி, ரெண்டு வருடத்துத் தேங்காய் மட்டைக் குவியல். அடியில் ஈரம், உள்ளே இருட்டு, வெயில் படாத சந்துகள். தீனி ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் என்று எலிக்கு நாமே அமைத்துக் கொடுத்திருக்கிறோம். விரியன் நாள் முழுக்க அந்தக் குவியலில் படுத்திருந்துவிட்டு, இருட்டினதும் வாசலிலேயே இரை பிடித்திருக்கும்.

அடுத்த தவறு இங்கேதான் நடக்கிறது. பாம்பு பயத்தில் அன்று சாயங்காலமே வெறுங்கையால் மட்டையை இழுத்துப் போட ஆரம்பிப்பார்கள். நல்ல வெளிச்சம் இருக்கும்போது, கணுக்காலை மூடும் பூட்ஸ் போட்டுக்கொண்டு, ரெண்டு பேராகத்தான் இறங்க வேண்டும். முதலில் நீளக் கம்பால் குவியலைத் தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் விலகி நிற்க வேண்டும். அப்புறம் நீளப் பிடி வைத்த வாரியால், வீட்டுச் சுவரை ஒட்டிய பக்கத்திலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். தோப்புப் பக்கம் திறந்தே இருக்கட்டும், உள்ளே இருப்பது அந்தப் பக்கமாகப் போய்விடும். தோப்புப் பக்கத்திலிருந்து தொடங்கினால் அதை வீட்டுக்குள்தான் துரத்துவீர்கள்.

எங்களுக்குக் கால்வாசி எடுத்ததுமே குக்கர் சீறுகிற மாதிரிச் சத்தம் கேட்டது. நிறுத்திவிட்டுப் பின்னால் வந்து, கேரள வனத்துறையின் SARPA செயலியில் பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டோம். வனத்துறை பயிற்சி கொடுத்தவர் வந்து பெரிய விரியனைப் பையில் ஏற்றிக்கொண்டு போனார். அவர் வரும்வரை ஒரே வேலை, பாம்பு எந்தப் பக்கம் நகர்கிறது என்று தூர நின்று பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

குவியல் போன பிறகு எலி வளைகள் தெரிந்தன, மொத்தம் 11. உடனே எல்லாவற்றையும் சிமென்ட் வைத்து அடைப்பதும் தவறுதான். எலி பக்கத்திலேயே வேறு வளை தோண்டும். உள்ளே பாம்பு இருந்தால் அது நம் கைக்கு அருகிலேயே வெளியே வரும். நாங்கள் சாயங்காலம் மண்வெட்டியால் மண்ணைத் தள்ளி எல்லா வாயையும் மூடினோம். காலையில் 4 வளை திறந்திருந்தன. எலி இருப்பது அவற்றில்தான். எலிப்பொறியைத் தடம் பக்கத்தில் வைத்து, சுட்ட தேங்காய்ச் சில்லை மட்டும் போட்டு, மூன்று நாள் பொறியைப் பூட்டாமலே விட்டோம். புதுசாக வந்த எந்தப் பொருளையும் எலி முதலில் சந்தேகப்படும், பழகிய பிறகுதான் வாய் வைக்கும். நாலாம் ராத்திரி பூட்டினோம், விழ ஆரம்பித்தன. விஷம் வைக்கவில்லை. விஷம் தின்ற எலியைத் தின்னும் ஆந்தைக்கும் பாம்புக்கும் அது சேதம், கோழிக்கும் ஆபத்து.

பொறியைவிட வேலை செய்தது தீனியை எடுத்ததுதான். தவிடு இப்போது மூடி போட்ட தகர டிரம்மில் இருக்கிறது. கோழிக்கு ஒரு மணி நேரத்தில் தின்று முடிக்கிற அளவு மட்டும் போட்டு, மிச்சத்தை இருட்டுவதற்கு முன்னால் கூட்டி எடுத்துவிடுகிறார்கள். முட்டையையும் தினமும் எடுக்க வேண்டும், நல்ல பாம்பு முட்டை தேடியும் வரும். வளை நாலிலும் எலி நின்ற பிறகுதான் கல்லும் மண்ணும் போட்டு இறுக்கினோம். கூட்டின் அடியில் கால் அங்குலக் கண்ணி உள்ள இரும்பு வலை அடித்தோம். நைலான் வலை வேண்டாம், அதில் பாம்பு சிக்கிக்கொண்டு சாகும், எடுக்கப் போகிறவரையும் கடிக்கும்.

அத்தை அப்போதுதான் ஒன்று சொன்னார். "மார்ச் மாசம் ஒரு சாரையை அடிச்சுட்டாங்க கண்ணு. நல்ல பாம்போட சேருமாமே." எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. சாரை வேறு இனம், நல்ல பாம்பு வேறு இனம், ரெண்டிலும் ஆணும் உண்டு பெண்ணும் உண்டு. பின்னிக்கொண்டு எழுந்து ஆடுவது பெரும்பாலும் சண்டை போடுகிற ரெண்டு ஆண் சாரைகள். சாரைக்கு விஷம் கிடையாது. கொல்லையில் எலி பிடித்துக்கொண்டிருந்த ஒன்றை அடித்துவிட்டு, எலியை மட்டும் விட்டு வைத்திருந்தோம்.

தவளை விஷயம் சின்னது. வாசல் கதவுக்கு மேலேயே வெள்ளை விளக்கு எரிந்தால் பூச்சி வரும், பூச்சிக்குத் தேரை வரும், தேரைக்குப் பாம்பு வரும். விளக்கைக் கதவிலிருந்து தள்ளிக் கம்பத்தில் மாட்டினோம். செடிக்குத் தண்ணீரைச் சாயங்காலம் விடாமல் காலையில் விட்டால், இருட்டும்போது குழாயடியும் வாய்க்காலும் காய்ந்திருக்கும். தோப்பில் தவளை இருக்கட்டும், கொசுவையும் பூச்சியையும் தின்கிறது. வாசற்படியில் மட்டும் வேண்டாம்.

இவ்வளவு செய்தாலும் தோப்புக்கு நடுவில் பாம்பே வராது என்று யாரும் சொல்ல முடியாது. கட்டு விரியன் ராத்திரியில் வீட்டுக்குள் வரும், தரையில் தூங்குகிறவரைக் கடித்தால் வலிகூடத் தெரியாமல் போகலாம். அதனால் அத்தை இப்போது கட்டிலில்தான் படுக்கிறார், கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்கிறார். மட்டை மறுபடி சேர்ந்துவிட்டது, தென்னை இருந்தால் சேரத்தான் செய்யும். ஆனால் வீட்டிலிருந்து நாற்பதடி தள்ளி, ஒன்றரை அடி உயரத்தில் கல்லுக்கால் நட்டு, அதன் மேல் அடுக்கியிருக்கிறார்கள். குனிந்தால் அடிப்பக்கம் முழுக்க அந்தக் கோடிவரை தெரிகிறது.