வீட்டு டியூஷனில் இரண்டாவது ஆசிரியரைச் சேர்ப்பது எப்படி? கடலூர் கணக்கோடு ஒரு செய்முறை

வீட்டு டியூஷன் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கும். மாலை 5 மணியிலிருந்து 8 மணி வரை இருக்கும் நேரம் நிரம்பிவிடும், புதிதாகக் கேட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் அவசரமாக ஒருவரை வேலைக்கு வைத்து, புதுப் பிள்ளைகளை அவரிடம் ஒப்படைப்பதுதான் வழக்கம். மூன்றாவது மாதத்தில் அந்த பேட்ச் பாதியாகிவிடும். ஏன் அப்படி ஆகிறது, எந்த வரிசையில் செய்தால் ஆகாது என்பதை ஓர் உதாரணக் கணக்கோடு பார்ப்போம்.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீட்டின் முன்னறையில் கணக்கு, அறிவியல் டியூஷன் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 9ஆம் வகுப்பில் 16 பேர், மாதம் 700 ரூபாய். 10ஆம் வகுப்பில் 18 பேர், மாதம் 900 ரூபாய். மொத்த வரவு 27,400 ரூபாய். 9ஆம் வகுப்பு 5 முதல் 6.30 வரை. பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வருவதால் 10ஆம் வகுப்பு 6.45 முதல் 8.15 வரை. இப்போது 8ஆம் வகுப்புக்குக் கேட்டு வருகிறார்கள், நேரம் இல்லை.

முதல் படி: புது ஆசிரியருக்கு எந்த வகுப்பு?

9ஆம் வகுப்பைக் கொடுங்கள், 8ஆம் வகுப்பை நீங்கள் எடுங்கள். இது தலைகீழாகத் தோன்றலாம். ஆனால் புதிதாகச் சேரும் பிள்ளையின் அம்மா உங்கள் பெயரைக் கேட்டுத்தான் வருகிறார். வந்த முதல் வாரமே வேறொருவர் பாடம் எடுத்தால், ஏமாந்துவிட்டோம் என்று நினைப்பார். 9ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கோ உங்கள் நோட்டு முறையும் தேர்வு முறையும் பழகிவிட்டன. அந்த வகுப்புக்குப் பொதுத்தேர்வும் இல்லை, சறுக்கினாலும் அதே ஆண்டில் சரிசெய்யலாம். 10ஆம் வகுப்பை முதல் ஆண்டில் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

சம்பளக் கணக்கு

ஒன்றரை மணி நேர வகுப்புக்கு 250 ரூபாய், மாதம் 22 வகுப்பு என்றால் 5,500 ரூபாய். 8ஆம் வகுப்புக்கு 600 ரூபாய் வாங்கினால், பத்துப் பேர் சேர்ந்த பிறகுதான் அந்தச் சம்பளம் திரும்பி வரும். 14 பேர் சேர்ந்தால் வரவு 8,400, கையில் கூடுதலாக நிற்பது 2,900 ரூபாய். முதல் மூன்று மாதம் பத்துப் பேர் சேராமலும் போகலாம். அதனால் 16,500 ரூபாயைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு ஆள் தேடுங்கள். ஃபீஸ் வந்தால் சம்பளம் என்று ஆரம்பித்தால், அவர் முதல் மாதமே வேறு இடம் தேடத் தொடங்கிவிடுவார்.

இரண்டு வகுப்பும் ஒரே நேரத்தில் நடப்பதால் இரண்டாவது இடம் வேண்டும். மொட்டைமாடி ஷெட் என்றால் ஐப்பசி, கார்த்திகை மழையை யோசியுங்கள். தகர ஷீட்டில் மழை விழும்போது பேசுவது கேட்காது, அரையாண்டுத் தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரமும் அதுதான். மழை நாட்களுக்கு வீட்டு ஹாலை இப்போதே ஒதுக்கி வையுங்கள்.

ஆள் தேடும் முன் எழுத வேண்டியது

இந்த வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். உங்கள் தலைக்குள் இருக்கும் பாடமுறையைத் தாளில் இறக்க வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பக்கம் போதும்: எத்தனை நாள், வகுப்பில் எந்தக் கணக்கு, வீட்டுக்கு எந்தக் கணக்கு, பிள்ளைகள் எங்கே தவறுவார்கள்.

கடைசிப் பகுதிதான் உயிர். உதாரணமாக 9ஆம் வகுப்பு இயற்கணிதத்தில் x² − x − 6 ஐக் காரணிப்படுத்தச் சொன்னால், பலர் (x − 2)(x + 3) என்று எழுதுவார்கள். பெருக்கிப் பார்த்தால் x² + x − 6 வரும். சரியான விடை (x − 3)(x + 2). 'விடை எழுதியதும் பெருக்கிப் பார்த்து, நடு உறுப்பின் குறியைச் சரிபார்க்கச் சொல்லவும்' என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தால், புதியவரும் உங்களைப் போலவே அந்த இடத்தில் நிற்பார். இல்லையென்றால் விடையைப் போர்டில் எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். மூன்று பாடத்துக்கு இப்படி எழுதி முடித்த பிறகு ஆள் தேடுங்கள்.

யாரை எடுக்கலாம்?

பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியர் வேண்டாம். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுப்பதைத் தடை செய்கிறது. பி.எட். முடித்து வேலை தேடுபவர்கள், குழந்தைக்காகப் பள்ளி வேலையை விட்ட பட்டதாரிகள் பொருத்தமாக இருப்பார்கள். சான்றிதழைப் பார்த்ததும் முடிவெடுக்காமல், ஒரு பிள்ளையின் தவறான விடைத்தாளைக் கொடுத்து 'இவன் ஏன் இப்படி எழுதியிருப்பான்?' என்று கேளுங்கள். தவறின் காரணத்தைச் சொல்பவரை எடுங்கள். சரியான விடையை மட்டும் போட்டுக் காட்டுபவருக்கு இன்னும் பயிற்சி வேண்டும்.

நான்கு வாரத்தில் ஒப்படைப்பு

முதல் வாரம் அவர் பின்னால் உட்கார்ந்து நோட்டு மட்டும் திருத்தட்டும். பிள்ளைகளின் பெயரும் கையெழுத்தும் அவருக்குப் பிடிபட்டுவிடும். இரண்டாவது வாரம் கடைசி அரைமணி நேரக் கணக்குப் பயிற்சியை அவர் நடத்தட்டும், நீங்கள் பின்னால் இருங்கள். மூன்றாவது வாரம் முழு வகுப்பும் அவருடையது, இரண்டு நாள் மட்டும் நீங்கள் உட்காருங்கள். நான்காவது வாரத்திலிருந்து நீங்கள் அந்த வகுப்புக்குள் போக வேண்டாம். 8ஆம் வகுப்பை அந்த வாரம் தொடங்குங்கள்.

பெற்றோருக்கு முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும், அதுவும் போனில் பேசி. வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால் 'சார் இனிமே வரமாட்டாராம்' என்றுதான் பரவும். 'பாடம் அவங்க எடுப்பாங்க, வாராந்திர டெஸ்ட் பேப்பர் தயாரிக்கிறதும் திருத்துறதும் நான்தான்' என்று சொல்லுங்கள். அது உண்மையாகவும் இருக்க வேண்டும். வாரம் ஒரு 25 மதிப்பெண் தேர்வை எப்போதும் உங்கள் கையிலேயே வைத்திருங்கள்.

அந்தத் தாள்தான் வகுப்பில் நடப்பதைச் சொல்லும். இரண்டு, மூன்று பேர் மட்டும் ஒரு கணக்கைத் தவறவிட்டால், அந்தப் பிள்ளைகளைக் கவனிக்க வேண்டும். 16 பேரில் எட்டுப் பேர் ஒரே படியில் தவறினால் அங்கே பாடம் சரியாகப் போய்ச் சேரவில்லை, அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். நோட்டுகளையும் புரட்டுங்கள். எல்லா நோட்டிலும் ஒரே மாதிரி சரியான விடை, ஓர் அடித்தல்கூட இல்லை என்றால், பிள்ளைகள் யாரும் கணக்குப் போடவில்லை, போர்டைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

பிள்ளைகளோடு அவர் பிரிந்து போனால்?

இந்தப் பயத்தில் சிலர் 'அடுத்த இரண்டு வருடம் இந்த ஊரில் டியூஷன் எடுக்கக் கூடாது' என்று எழுதி வாங்குகிறார்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, வேலையை விட்ட பிறகான அப்படிப்பட்ட தடை செல்லாது. பலன் தருவது வேறு: விலகுவதென்றால் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்ற கடிதம், ஃபீஸ் சென்டரின் கணக்குக்கே வருவது, வாட்ஸ்அப் குழுவுக்கு நீங்களே அட்மினாக இருப்பது, மாதம் 5ஆம் தேதி தவறாத சம்பளம்.

புதுச்சேரிப் பக்கப் பிள்ளைகள் வந்தால்

பாகூர், கன்னியக்கோயில் பக்கமிருந்து வரும் பிள்ளைகளை அதே பேட்சில் சேர்க்காதீர்கள். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன, கடலூர் அரசுப் பள்ளிகளில் தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டம். புத்தகமும் பாட வரிசையும் வேறு. ஐந்தாறு பேர் சேர்ந்த பிறகு தனி பேட்ச் தொடங்குங்கள், அதற்கான பாடப் பக்கங்களையும் தனியாக எழுதுங்கள்.

மேலே சொன்ன கணக்கில் மொத்தம் 48 பேர் ஆகிவிடுவார்கள். 2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல், 50 பேருக்கு மேல் படிக்கும் இடத்தைக் கோச்சிங் சென்டராகக் கருதுகிறது. பதிவு, பட்டதாரி ஆசிரியர், பிள்ளைக்கு ஒரு சதுர மீட்டர் இடம் ஆகியவற்றோடு, 16 வயதுக்கு உட்பட்டவர்களைச் சேர்க்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. அதை அமல்படுத்துவது மாநில அரசுகளின் பொறுப்பு. ஆகவே 51ஆவது பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் நேரில் விசாரித்துவிடுங்கள். அதுவரை புதிதாகக் கேட்டு வருபவர்களின் பெயரையும் போன் நம்பரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.