மழைக்காலத்தில் ரூட்டருக்கு ஃபர்ம்வேர் ஏற்றுபவர்கள் செய்யும் தவறுகள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கற்பூர மரமோ சில்வர் ஓக்கோ கம்பிமேல் சாய்ந்து கரண்ட் போவது வழக்கம்தான். அதற்காக ரூட்டரின் ஃபர்ம்வேரை மாதக்கணக்கில் தள்ளிப்போட வேண்டியதில்லை. எந்த நேரத்தில் கரண்ட் போனால் ஆபத்து என்று தெரிந்தால் போதும். OpenWrt என்ற திறந்த மூல ஃபர்ம்வேர் ஓடும், 16 எம்பி ஃபிளாஷ் உள்ள ஒரு சாதாரண 12 வோல்ட் ரூட்டரை எடுத்துக்கொள்வோம்.

நீங்கள் அனுப்பும் கோப்பு முதலில் ரேமில் உள்ள `/tmp`-க்குத்தான் போகிறது. அப்போது கரண்ட் போனால் கோப்பு மட்டும் அழியும். ரூட்டர் பழையபடி எழுந்துவிடும். அதன்பின் ஃபிளாஷைத் துண்டு துண்டாக அழித்து எழுதும் சில நிமிடங்கள்தான் கண்டம். பழையது அழிந்து, புதியது பாதியில் நின்றால் எழுந்திருக்க முழு கர்னல் இருக்காது.

“இன்வெர்ட்டர் இருக்கிறதே” என்று நம்பி இறங்குவது முதல் தவறு. சாதாரண மோடில் இன்வெர்ட்டர் மாறிக்கொள்ளும் இடைவெளியே ரூட்டரை ரீஸ்டார்ட் ஆக்கிவிடலாம். முந்தின நாளே சோதித்துப் பாருங்கள்: ரூட்டர் ஓடும்போது மெயினை அணைத்துவிட்டு, ரூட்டரில் `uptime` அடியுங்கள். இரண்டு நிமிடம் என்று காட்டினால் இடையில் அது விழுந்து எழுந்திருக்கிறது. இன்வெர்ட்டரை யுபிஎஸ் மோடுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியருக்கு ஏற்ற சின்ன டிசி யுபிஎஸ் ஒன்றை வாங்குங்கள்.

ஆனால் பிளக்கைப் பிடுங்கும் வேலையை மின்வாரியத்தைவிட அதிகம் செய்வது நாம்தான். எழுதி முடிந்தபின் வரும் முதல் பூட்டில் செட்டிங்ஸ் பகுதி புதிதாக உருவாகும், அதனால் வழக்கத்தைவிட நேரமாகும். லைட் மினுக்கிக்கொண்டே இருக்கிறதே என்று மூன்றாம் நிமிடத்தில் அணைக்காதீர்கள். பத்து நிமிடமாவது விடுங்கள்.

அப்படியே எழுதுவது பாதியில் நின்றாலும், ரூட்டரை எழுப்பிவிடும் பூட்லோடர் தனிப் பகுதியில் இருப்பதால், பல மாடல்களை டிஎஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறை வழியாக மீட்டுவிடலாம். ரீசெட் பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்ய வேண்டும். லேப்டாப்புக்கு எந்த ஐபி, கோப்புக்கு எந்தப் பெயர் என்பது மாடலுக்கு மாடல் மாறும். அந்தக் குறிப்பையும் மீட்புக் கோப்பையும் முன்கூட்டியே இறக்கி வையுங்கள், ஒரு லான் கேபிளும் கையில் இருக்கட்டும். ரூட்டர் போனால் நெட்டும் போகும். மழையில் மொபைல் டவரும் கைவிடலாம். மீட்பு பூட்லோடரை நம்பியே இருப்பதால், அதையே மாற்றும் அப்டேட்டை மட்டும் மழை ஓய்ந்தபின் வைத்துக்கொள்வது நல்லது. அது கெட்டால் இந்த வழியும் அடைபடும்.

அடுத்தது கையொப்பம். `sha256` எண் பொருந்தியதும் கோப்பு அசல் என்று முடிவுகட்டுகிறார்கள். இறக்கும்போது சிதையவில்லை என்பதற்கு மட்டுமே அது சான்று. தளத்தில் கோப்பை மாற்றிவைக்க முடிந்தவரால் பக்கத்தில் இருக்கும் எண்ணையும் மாற்ற முடியும். அதனால் எண்கள் அடங்கிய கோப்பின் கையொப்பத்தை முதலில் பாருங்கள், பிறகு எண்ணை. OpenWrt திட்டத்தின் பொதுச் சாவியை இறக்கி `gpg --import` கொடுத்துச் சேர்த்தபின், லினக்ஸ் லேப்டாப்பில்:

```
gpg --verify sha256sums.asc sha256sums
sha256sum -c --ignore-missing sha256sums
```

`Good signature` என்று வந்தாலும் கூடவே `This key is not certified` என்ற எச்சரிக்கை வரலாம். இந்தச் சாவி யாருடையது என்று நீங்கள் உறுதி செய்யவில்லை என்பதே அதன் பொருள். சாவியின் கைரேகை எண்ணைத் திட்டத்தின் சாவிப் பக்கத்தில் உள்ளதோடு முழுவதுமாக ஒப்பிடுங்கள். கடைசி நாலு எழுத்தைப் பார்த்துவிட்டு விடாதீர்கள்.

பிறகு கோப்பை ரூட்டருக்கு அனுப்பி `sysupgrade -T` கொடுத்தால், எழுதாமலேயே அது இந்த மாடலுக்குப் பொருந்துமா என்று சொல்லும். பொருந்தாது என்றால் `-F` போட்டுத் திணிக்காதீர்கள். பெரும்பாலும் `factory` கோப்பை எடுத்திருப்பீர்கள், அல்லது மாடலின் வெர்ஷன் எண் வேறாக இருக்கும்.

கையொப்பம் சரி என்பதால் கோப்பு புதியது என்றும் ஆகிவிடாது. ஓட்டை உள்ள பழைய பதிப்பிலும் அதே நிறுவனத்தின் செல்லுபடியாகும் கையொப்பம்தான் இருக்கிறது. யாராவது அதை உங்கள் ரூட்டரில் ஏற்றிவிட்டு அந்த ஓட்டை வழியாக நுழையலாம். இதைத் தடுக்கத்தான் சில கருவிகளில் குறைந்தபட்சப் பதிப்பு எண் ஒன்றைச் சிப்பிலேயே பதிக்கிறார்கள். ஃபியூஸ் பிட்டில் பதித்துவிட்டால் அந்த எண் ஏறுமே தவிர இறங்காது. அதற்குக் கீழுள்ள பதிப்பை பூட்லோடர் ஏற்காது. நிறுவனம் தந்த ஃபர்ம்வேர் என்றால், “பிடிக்காவிட்டால் பழையதற்கே போய்க்கொள்ளலாம்” என்று நினைப்பதற்கு முன் வெளியீட்டுக் குறிப்பில் இதைத் தேடிப் பாருங்கள்.

இரண்டு ஃபிளாஷ் பகுதி உள்ள ரூட்டர்கள் புதியது எழாவிட்டால் தாமாகவே பழைய பகுதிக்குத் திரும்புவது வேறு விஷயம். அது விபத்துக்கான வசதி. இந்த வசதியும் குறைந்தபட்சப் பதிப்பு எண்ணும் சேர்ந்திருக்கும் கருவியில் புதியது ஒழுங்காக எழுந்தபின்தான் அந்த எண்ணை ஏற்ற வேண்டும். முன்பே ஏற்றினால் திரும்பவேண்டிய பழைய பகுதியும் மறுக்கப்படும்.

நாம் எடுத்துக்கொண்ட ரூட்டரில் OpenWrt-இன் பழைய பதிப்புக்கு இறங்கத் தடை இல்லை. ஆனால் புதிய பதிப்பின் செட்டிங்ஸைப் பழையதற்குக் கொண்டுபோனால் நெட்வொர்க்கே எழாமல் போகலாம். `sysupgrade -n` கொடுத்து வெறுமையாக இறங்கி, அந்தப் பழைய பதிப்பில் எடுத்த பேக்கப்பை மட்டும் திரும்ப ஏற்றுங்கள்.