நியூயார்க்கில் இறங்கிய மறுநாள், கூட்டத்தைப் பிற்பகலுக்குத் தள்ளாதீர்கள்

சென்னையிலிருந்து நியூயார்க் போகிறவர்கள் பலர் செய்யும் தவறு இது. மறுநாள் முக்கியமான கூட்டம் இருந்தால், காலையில் நன்றாகத் தூங்கி எழலாம் என்று அதைப் பிற்பகலுக்குத் தள்ளி வைப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். ஞாயிறு மாலை இறங்கி, திங்கள் பிற்பகல் 3 மணிக்கு விலைப் பேச்சு வைத்திருந்தேன். அதிகாலை 2 மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. பிற்பகலில் எதிரே இருந்த காகிதத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு வருடத்துக்கான தொகையைச் சொல்ல வேண்டிய இடத்தில் மாதத் தொகையைச் சொன்னேன். அந்தத் தவறைச் சரிசெய்ய இன்னொரு வாரம் ஆனது.

காரணம் எளிது. கோடைகாலத்தில் இரண்டு ஊருக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. கோடைக் கணக்கில் பார்த்தால், நியூயார்க்கில் பிற்பகல் 3 மணி என்றால் சென்னையில் நள்ளிரவு 12.30. உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் விமானத்தோடு மாறாது. மேற்கு நோக்கிப் போகும்போது அது நாளுக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம்தான் நகரும். ஆகவே முழுதாகப் பழக ஏறத்தாழ ஆறு நாள் வேண்டும். ஆனால் அங்கே காலை 9 மணி என்பது நம் உடம்புக்கு மாலை 6.30. விழித்திருந்து வேலை செய்யப் பழகிய நேரம் அது. முதல் இரண்டு மூன்று நாள் முக்கியமான பேச்சுகளைக் காலை 9 முதல் 12 வரை வையுங்கள். பிற்பகலுக்கு மின்னஞ்சல், கோப்பு அடுக்குவது போன்ற தவறினாலும் திருத்திக்கொள்ளக்கூடிய வேலை போதும்.

அடுத்த தவறு பிற்பகல் குட்டித் தூக்கம். ஹோட்டலில் 2 மணிக்குப் படுத்தால் உடம்பு அதைக் குட்டித் தூக்கமாக எடுத்துக்கொள்ளாது, இரவுத் தூக்கமாகவே எடுத்துக்கொள்ளும். இரவு 8 மணிக்கு விழித்து, விடிய விடிய உட்கார வேண்டியதுதான். முடியவே இல்லை என்றால் அலாரம் வைத்து 20 நிமிடம் மட்டும் படுங்கள். அந்த நேரத்தில் காபியை நம்பாதீர்கள். 4 மணிக்குக் குடித்த காபியின் வேகம் பாதி குறையவே இரவு 9 மணி ஆகிவிடும்.

அந்த மயக்கத்துக்கு நல்ல மருந்து வெயில்தான். வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு உடம்பின் வெப்பம் மிகக் குறைவாக இருக்கும். அந்தப் புள்ளிக்கு முன்னால் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும், அதாவது தாமதமாக்கும். பின்னால் படுவது முன்னுக்கு இழுக்கும். சென்னையில் காலை 6.30க்கு எழுகிறவருக்கு அந்தப் புள்ளி அதிகாலை 4 மணி, அதாவது நியூயார்க்கில் மாலை 6.30. நமக்கு வேண்டியது பின்னுக்குத் தள்ளுவதுதான். அதனால் பிற்பகல் 2 முதல் 6 வரை வெளியே நடங்கள். 9 மணிவரை எப்படியாவது விழித்திருங்கள்.

சரி, இவ்வளவு செய்தும் அதிகாலை 3 மணிக்கு விழிப்பு வரும். அப்போது ஊரில் பகல் 12.30, எல்லோரும் விழித்திருப்பார்கள், வீடியோ அழைப்புக்குக் கை போகும். போனை எடுக்காதீர்கள். மூன்றாம் நாளுக்குள் அந்தப் புள்ளி இரவு 11 மணி வாக்கில் வந்திருக்கும். அதற்கப்புறம் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை மறுபடியும் ஊர்ப்பக்கமே இழுக்கும். இருட்டிலேயே படுத்திருங்கள், தூக்கம் வராவிட்டாலும் பரவாயில்லை. இன்சுலின் போடுகிறவர்கள் மட்டும் வேளை மாற்றத்தைக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடும் பயணம் என்றால் கடிகாரத்தை மாற்ற முயலவே வேண்டாம். எல்லா வேலையையும் காலையில் முடித்துக்கொண்டு, சீக்கிரம் படுத்துவிடுங்கள்.

இரண்டு வாரம் தங்கித் திரும்பும்போது கணக்கு தலைகீழாகிறது, நிறையப் பேர் இங்கேதான் அதிகம் அவதிப்படுகிறார்கள். கிழக்கு நோக்கி வரும்போது கடிகாரம் நாளுக்கு ஒரு மணி நேரம்தான் நகரும். “காலையில் எழுந்து வெயிலில் நட, சரியாகிவிடும்” என்று வீட்டில் சொல்வார்கள். முதல் இரண்டு மூன்று நாளைக்கு அது தவறு. நியூயார்க்குக்குப் பழகிய உடம்பின் வெப்பம் மிகக் குறையும் அதிகாலை 4 மணி, சென்னையின் பிற்பகல் 1.30 மணி. அதற்கு முன்னால் படும் காலை வெயில் கடிகாரத்தை எதிர்த்திசையில் தள்ளும். காலையில் திரைச்சீலையை மூடி வைத்துவிட்டு, 3 மணிக்கு மேல் வெளியே வாருங்கள். மர நிழலில் உட்கார்ந்தாலும் அறை வெளிச்சத்தைவிடப் பல மடங்கு கிடைக்கும். அப்புறம் அந்த நேரத்தைத் தினமும் ஒரு மணி முன்னால் கொண்டுவாருங்கள்.

ஞாயிறு இரவு இறங்கி திங்கள் அலுவலகம் போகும் திட்டமும் வேண்டாம். அலுவலகத்தில் 9.30 மணி என்பது உங்கள் உடம்புக்கு நள்ளிரவு. மூன்று நாளாவது எந்த முடிவும் எடுக்கும் கூட்டம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தவிர்க்கவே முடியாத பேச்சு என்றால் மாலை 6 மணிக்கு மேல் தொலைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள், உடம்புக்கு அப்போதுதான் காலை 8.30. பிற்பகல் 1 முதல் 4 வரை காரை நீங்கள் ஓட்டாதீர்கள், வேறு யாராவது ஓட்டட்டும்.