டெம்ப்ளேட்டை முழுக் கடிதமாகச் சேமிக்காதீர்கள், துண்டுகளாகச் சேமியுங்கள்

அறிமுகமில்லாதவர்களுக்கு மின்னஞ்சல் எழுதத் தொடங்கிய புதிதில் நானும் முழு மெயிலையே டெம்ப்ளேட்டாக வைத்திருந்தேன், பெயரை மட்டும் மாற்றுவேன். ஒரே அலுவலகத்தில் இரண்டு பேருக்கு ஒரே மெயில் போய், ஒருவர் இன்னொருவருக்கு அதை ஃபார்வர்டு செய்து எனக்கும் நகல் போட்ட பிறகுதான் முறையை மாற்றினேன்.

முதலில் ஸ்ப்ரெட்ஷீட்டில் ‘துண்டுகள்’ என்று ஒரு தாள் திறந்துகொள்ளுங்கள். நாம் யார், என்ன கேட்கிறோம், எப்படி முடிக்கிறோம் என்ற மூன்றுக்கும் மூன்று நான்கு வடிவங்கள் எழுதி, K1, K2 என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு கொடுங்கள். முதல் வரிக்கு மட்டும் துண்டு வேண்டாம். “உங்கள் பதிவுகளை விரும்பிப் படிப்பேன்” என்று எதையாவது சேமித்து வைத்தால் அவசரத்தில் கை அதைத்தான் எடுக்கும், படிப்பவருக்கும் அந்த ஒரு வரியிலேயே விஷயம் புரிந்துவிடும்.

எழுதப் போகிற ஆட்களையும் ஒவ்வொருவரைப் பற்றிய குறிப்பையும் ‘ஆட்கள்’ என்று இன்னொரு தாளில் வையுங்கள். முதல் வரி அந்தக் குறிப்பிலிருந்து வரவேண்டும், அதனால் குறிப்பை ஒழுங்காக எழுதுவதுதான் இதில் பாதி வேலை. தோட்டக்கலை வலைப்பதிவர் ஒருவருக்கு எழுதப் போகிறீர்கள் என்று வையுங்கள். “நல்ல தளம், உரம் பற்றி எழுதுகிறார்” என்ற குறிப்பு எதற்கும் உதவாது. “மண்புழு உரக் கட்டுரையில் மூன்றாவது இணைப்பு திறக்கவில்லை, பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டும் பதில் இல்லை” என்று இருந்தால் முதல் வரி தானாக வந்துவிடும்: “உங்கள் மண்புழு உரக் கட்டுரையில் வாசகர் கேட்டிருந்த அந்த இணைப்பு இன்னும் திறக்கவில்லை, அதற்குப் பதிலாக வைக்க ஒன்று என்னிடம் இருக்கிறது.” இதே வரி வேறொருவருக்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள், பொருந்தினால் குறிப்பு போதாது. தேதியும் போடுங்கள், பழைய குறிப்பென்றால் அனுப்பும் முன் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள், இணைப்பை இதற்குள் சரிசெய்திருக்கலாம்.

அப்புறம் ‘அனுப்பியவை’ தாள். A-யில் தேதி, B-யில் அவர்களுடைய டொமைன், C-யில் துண்டின் குறியீடு. ஒரு மெயிலில் மூன்று துண்டு போனால் மூன்று வரி. ஆள் பெயரைவிட டொமைன் முக்கியம், ஒரே இடத்தில் இருப்பவர்கள் மெயிலைக் காட்டிக்கொள்வார்கள். A2:C முழுவதையும் தேர்ந்தெடுத்து, கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் இந்த ஃபார்முலாவைப் போட்டு ஒரு நிறம் கொடுங்கள்:

```
=COUNTIFS($B:$B,$B2,$C:$C,$C2)>1
```

ஒரே துண்டு ஒரே டொமைனுக்கு இரண்டாவது முறை பதிவானால் அந்த வரிகள் நிறம் மாறும், அதனால் அனுப்பிய பிறகல்ல, அனுப்பும் முன்பே பதிவு செய்யுங்கள். டொமைனை எப்போதும் ஒரே மாதிரி எழுதுங்கள், ஒரு இடத்தில் www போட்டு இன்னொரு இடத்தில் விட்டால் இரண்டும் வேறு வேறு என்றே எடுத்துக்கொள்ளும்.

சிஆர்எம் வைத்திருப்பவர்கள் குறிப்பை அந்த ஆளின் பதிவில் வைத்துக்கொண்டு, துண்டுக் குறியீட்டை நிறுவனத்தின் பதிவில் ஒரு தனி ஃபீல்டாகச் சேர்த்தால் போதும்.