தனிக் கணக்கு மட்டும் போதாது: வீட்டில் ஒருவர் சூதாடும்போது நாம் செய்யும் தவறுகள்

ஆன்லைனில் பணம் கட்டி ஆடுவதை 2025-ல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடைசெய்தது. ஆனாலும் புதுப்புதுப் பெயரில் ரம்மி செயலிகள் வருகின்றன, கிரிக்கெட் பெட்டிங்கும் நடக்கிறது. கணவர் ஆடுகிறார் என்று தெரிந்ததும் மனைவி தன் பெயரில் ஒரு கணக்கு தொடங்குவார். செய்ய வேண்டியதுதான். ஆனால் விண்ணப்பத்தில் வழக்கம்போல கணவரின் மொபைல் எண்ணையே எழுதிவிடுவார். எல்லாப் பாதுகாப்பும் அங்கேயே போய்விடும்.

யுபிஐ இயங்குவது அந்த எண்ணை வைத்துத்தான். வங்கியில் பதிந்த சிம் தன் போனில் இருந்து, டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கமும் காலாவதித் தேதியும் தெரிந்தால், பல வங்கிகளில் யாரும் புதிதாக யுபிஐ பின் போட்டுவிடலாம். ஓடிபியும் அந்தப் போனுக்கே வரும். அதனால் கணக்கில் உங்கள் எண் இருக்கட்டும், கார்டு உங்களிடம் இருக்கட்டும். பழைய கூட்டுக் கணக்கில் 'இருவரில் யாரும் எடுக்கலாம்' என்று இருந்தால், அதில் சேமிப்பை விட்டுவைக்காதீர்கள்.

அடுத்த தவறு, அவர் கையில் காசே இல்லாமல் செய்வது. பெட்ரோலுக்குக்கூட இல்லை என்றால் கடன் செயலியைத் தேடிப் போவார். சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாடகை, தவணை, மளிகை, பள்ளிக் கட்டணம், சேமிப்பு எல்லாம் சேர்ந்து 36,000. சம்பள நாளன்றே அது உங்கள் கணக்குக்குத் தானாக வரும்படி வங்கியில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். மீதி 4,000 அவர் செலவுக்கு. அவருடைய கார்டில் ஆன்லைன் பரிவர்த்தனையை நிறுத்தி, ஏடிஎம் வரம்பையும் குறைத்து வைக்கலாம். வங்கிச் செயலியிலேயே அந்த வசதி உண்டு. வீட்டுச் சாமான் வாங்க அவர் போவதாக இருந்தால் 'யுபிஐ சர்க்கிள்' உதவும். உங்கள் கணக்கிலிருந்து அவர் செலுத்தலாம். ஒவ்வொரு முறையும் நீங்கள் பின் போட்டால்தான் பணம் போகும்படி அமைக்கலாம்.

இவை எதுவும் பூட்டு அல்ல. தன் கணக்கில் செய்த ஏற்பாட்டை அவரே மாற்றிவிட முடியும், புதுக்கடனும் வாங்க முடியும். அதனால்தான் பேச்சு வேண்டியிருக்கிறது. ஆனால் தோற்று வந்த இரவில் "எவ்வளவு போச்சு?" என்று கத்தினால் பாதித் தொகைதான் வாயில் வரும். மாதம் ஒரு நாள் குறித்துக்கொண்டு, இருவர் கணக்கு விவரத்தையும் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். சிபில் அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக எடுக்கலாம். வங்கிக் கடனும் பதிவுபெற்ற நிறுவனங்களின் கடனும் அதில் தெரியும். கைமாற்றும் கந்துவட்டியும் தெரியாது, அதை அவர்தான் சொல்ல வேண்டும். சொன்னால் திட்டு விழாது என்று அவருக்குத் தோன்ற வேண்டும்.

கடன் பட்டியல் முழுதாகக் கிடைக்கும் முன் நகையை விற்று அடைக்காதீர்கள். அடைக்கும்போதும் பணத்தை அவரிடம் கொடுக்காமல் நேரே கடன் கொடுத்தவருக்குச் செலுத்தி, பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்குங்கள். ஆடாமல் இருக்க முடியவில்லை என்று அவரே சொன்னால், அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ இருவரும் சேர்ந்தே அழைக்கலாம்.